வரி சேர்ந்த விலையைப் பிரித்தால் கணக்கு இடிக்கிறதா? எண்ணைப் பார்த்தே பிழையைக் கண்டுபிடிக்கலாம்

திருப்பூர், ஈரோடு, கோவைப் பக்கத்துக் கடைகளுக்கு மாதக் கணக்கு பார்த்துக் கொடுப்பது என் வேலை. ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் வரும் பஞ்சாயத்துகளில் பாதி ஒரே வகை. ஸ்டிக்கரில் வரியோடு சேர்ந்த விலை இருக்கிறது, அதிலிருந்து அசலையும் ஜிஎஸ்டியையும் பிரித்து எழுத வேண்டும், பிரித்தால் மொத்தம் ஒத்துவரவில்லை. "ஏனுங்க, பதினெட்டு பர்சென்ட்தானுங்க கழிச்சேன், அதுல என்னங்க தப்பு?" என்ற கேள்வியைப் பல கல்லாப்பெட்டிகளுக்கு முன்னால் நின்று கேட்டிருக்கிறேன்.

சரியான கணக்கு சின்னதுதான். வரி சேர்ந்த விலையை 100 ஆல் பெருக்கி, 100 + வரி விகிதத்தால் வகுத்தால் அசல் வரும். மீதி வரி.

```
அசல் = மொத்தம் × 100 ÷ (100 + விகிதம்)
வரி = மொத்தம் × விகிதம் ÷ (100 + விகிதம்)
```

4,720 ரூபாய் மிக்ஸி, வரி 18 சதவீதம் என்றால் அசல் 4,000, வரி 720. இந்த மிக்ஸியையே கீழே திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஒரே பொருளில் ஒவ்வொரு குறுக்குவழியும் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க அது வசதி.

எந்தப் பில்லைக் கையில் எடுத்தாலும் முதலில் ஒரு சோதனை. பில்லில் எழுதிய வரியை, பில்லில் எழுதிய அசலால் வகுத்து 100 ஆல் பெருக்குங்கள். 18 சதவீதப் பொருளுக்கு 18 வர வேண்டும், 5 சதவீதப் பொருளுக்கு 5. வேறு எண் வந்தால் அந்த எண்ணே பிழை எது என்று சொல்லிவிடும். அந்த எண்ணை வைத்துத்தான் கீழே பிரித்திருக்கிறேன்.

## 21.95 வருகிறது, அல்லது 5.26 வருகிறது

வரி சேர்ந்த மொத்தத்தின் மேலேயே சதவீதம் போட்டுக் கழித்திருக்கிறார்கள். அதிகம் பார்ப்பது இதைத்தான்.

மிக்ஸியில் 4,720க்கு 18 சதவீதம் என்றால் 849.60. கழித்தால் அசல் 3,870.40. அந்த அசலின் மேல் 18 சதவீதம் ஏற்றிப் பாருங்கள், 4,567.07தான் வரும். 4,720க்குத் திரும்பிப் போகவே இல்லை. 18 சதவீதம் அசலின் மேல் போட்டது. அதை மொத்தத்தின் மேல் போட்டால் வரிக்கும் வரி போட்டதாகிவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது மேசைக் கால்குலேட்டர். 4720 − 18 % என்று தட்டினால் பெரும்பாலான கால்குலேட்டர்கள் 3870.4 என்று காட்டும். தள்ளுபடிக்கு அது சரி, வரியைப் பிரிக்கச் சரியாகாது. TAX− பொத்தான் உள்ள கால்குலேட்டர் இந்த வேலையைச் சரியாகச் செய்யும். ஆனால் அதற்குள் எந்த விகிதம் பதிந்திருக்கிறது என்று பாருங்கள். பழைய விகிதமே கிடக்கும்.

அடுத்து எக்செல் தாள். யாரோ எப்போதோ `=A2*18%` என்று போட்டு வைத்ததை வருடக்கணக்காகக் கீழே இழுத்துக்கொண்டே வந்திருப்பார்கள். ஒரு கட்டத்தைச் சொடுக்கி ஃபார்முலாவைப் படித்தால் தெரிந்துவிடும்.

மூன்றாவது கொஞ்சம் செலவு வைப்பது. பில்லிங் சாஃப்ட்வேரில் பொருளின் விலை "வரி உட்பட" என்று குறிக்கப்படாமல் இருக்கும். அப்போது 21.95 வராது, சதவீதம் சரியாகவே வரும், ஆனால் வாடிக்கையாளரிடம் 4,720க்கு மேல் இன்னும் 849.60 கேட்கும். கவுண்டரில் சண்டை வருவதால் இது சீக்கிரம் தெரிந்துவிடும். சரிசெய்ய ஒவ்வொரு பொருளாகத் திறந்து மாற்ற வேண்டியிருக்கலாம். சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவது நல்லது.

5 சதவீதக் கடைகளில் இந்தப் பிழை நெடுநாள் ஒளிந்திருக்கும். 840 ரூபாய் சட்டையில் சரியான வரி 40. தப்பாகக் கழித்தால் 42. இரண்டு ரூபாயை யார் பார்க்கிறார்கள்? ஆனால் மாதம் 6,30,000 ரூபாய்க்கு விற்கும் கடையில் 30,000 கட்ட வேண்டிய இடத்தில் 31,500 கட்டுகிறார்கள். வாடிக்கையாளர் கொடுக்கும் விலை மாறுவதில்லை, ஆகவே அந்த 1,500 முழுக்கக் கடைக்காரரின் லாபத்திலிருந்து போகிறது.

5 சதவீதத்துக்கு ஒரு சரியான குறுக்குவழி உண்டு. மொத்தத்தை 21 ஆல் வகுத்தால் வரி. 840 ÷ 21 = 40. 5/105 என்பதும் 1/21 என்பதும் ஒன்றுதான், அதனால் இதில் பைசாவும் பிசகாது. சிஜிஎஸ்டி மட்டும் வேண்டுமென்றால் 42 ஆல் வகுக்கலாம். 18 சதவீதத்துக்கு இவ்வளவு எளிதான வகுஎண் கிடையாது. "சுமார் 15 சதவீதம் எடுத்துக்கோ" என்று சிலர் சொல்வார்கள். உண்மையில் அது 15.254. விலை பேசும்போது மனக்கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம், பில்லில் ஏற்றக்கூடாது.

ஆடிட்டரிடம் எப்போது போவது? தப்பான பில் இன்னும் உங்கள் கையிலேயே இருந்து, அந்த மாத ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் ஆகாமல் இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளலாம். பில் வாங்கியவர் கைக்குப் போய், அவர் ஜிஎஸ்டி எண் உள்ள வியாபாரியாகவும் இருந்தால் நீங்களாக எதையும் அழித்து எழுத வேண்டாம். வரி என்று சொல்லி வசூலித்த தொகையை, அது கூடுதலாகவே இருந்தாலும், அரசுக்குக் கட்ட வேண்டும் என்பது சட்டம். அதைச் சரிசெய்ய கிரெடிட் நோட் போட வேண்டியிருக்கும். அது ஆடிட்டர் வேலை.

## 19.78 அல்லது 18.81 வருகிறது

இரண்டுமே சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று வரியைப் பாதியாக உடைக்கும் இடத்தில் பிறக்கும் பிழைகள்.

19.78 வந்தால், ஒவ்வொரு பாதியையும் தனி வரியாக நினைத்து 9/109 போட்டிருக்கிறார்கள். மிக்ஸியில் சிஜிஎஸ்டி 389.72, எஸ்ஜிஎஸ்டி 389.72, அசல் 3,940.56. பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கும், இரண்டு பாதியும் சமமாகவும் இருக்கும். அதனால் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆனால் 4,720க்குள் 9 சதவீதம் மட்டும் ஒளிந்திருக்கவில்லை, இரண்டு 9 சேர்ந்து ஒளிந்திருக்கின்றன. மேலே 9 போட்டாலும் கீழே 118 போட வேண்டும். 4,720 × 9 ÷ 118 = 360. ஜிஎஸ்டி விதிகளில் 35ஆம் விதியே இதைத்தான் சொல்கிறது: வகுக்கும் எண்ணில் 100உடன் எல்லா வரி விகிதங்களின் கூட்டுத்தொகையும் வர வேண்டும்.

18.81 வந்தால், முதலில் 1.09 ஆல் வகுத்து, வந்த விடையை மறுபடியும் 1.09 ஆல் வகுத்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க வகுத்துப் பார்க்கவே வேண்டியதில்லை. சிஜிஎஸ்டி 389.72 என்றும் எஸ்ஜிஎஸ்டி 357.55 என்றும் இரண்டு பாதியும் வேறு வேறாக நிற்கும். இந்த இரண்டும் ஒரே அசலின் மேல் பக்கத்தில் பக்கத்தில் போடும் வரிகள். ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதில்லை. ஒரு பில்லில் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் சமமாக இல்லையென்றால், மேற்கொண்டு எதையும் பார்க்காமல் அந்தப் பில்லை நிறுத்தி வைக்கலாம்.

வெளிமாநிலத்துக்குப் போகும் சரக்கில் ஐஜிஎஸ்டி ஒரே வரியாக வருவதால் இந்தப் பிழை வராது. உள்ளூர் பில் எல்லாம் தப்பு, வெளிமாநில பில் எல்லாம் சரி என்று இருந்தால் காரணம் இங்கேதான்.

## சதவீதம் சரி, பைசா மட்டும் இடிக்கிறது

ஒரு பைசா, இரண்டு பைசா என்றால் அது பிழை இல்லை. 100 ரூபாய் ஸ்விட்ச் ஒன்றை 18 சதவீதத்தில் பிரித்தால் அசல் 84.75, சிஜிஎஸ்டி 7.63, எஸ்ஜிஎஸ்டி 7.63. கூட்டினால் 100.01. பைசாவுக்கு முழுமையாக்கும்போது இப்படி வரத்தான் செய்யும். அதை "ரவுண்ட் ஆஃப்" என்று தனியாக −0.01 காட்டிவிட வேண்டும். வரித்தொகையில் கை வைத்து ஒரு பாதியை 7.62 ஆக்குவதுதான் தப்பு.

பத்து, இருபது பைசா போனால் காரணம் வேறு. ஒரு பொருளின் அசலை முழுமையாக்கிவிட்டு அப்புறம் எண்ணிக்கையால் பெருக்கியிருப்பார்கள். அதே ஸ்விட்ச் 40 எண்ணம் விற்றால் மொத்தம் 4,000. ஒன்றுக்கு 84.75 என்று வைத்து 40 ஆல் பெருக்கினால் அசல் 3,390. அதன் மேல் 18 சதவீதம் ஏற்றினால் 4,000.20. இருபது பைசா எங்கிருந்தோ முளைத்துவிட்டது. எண்ணிக்கை ஏற ஏற இதுவும் ஏறும். 4,000 என்ற மொத்தத்தை முதலில் எடுத்து, அதைப் பிரித்தால் அசல் 3,389.83, ஒவ்வொரு பாதியும் 305.08, ரவுண்ட் ஆஃப் ஒரே ஒரு பைசா.

எக்செல்லில் போடுவதானால், A2 கட்டத்தில் வரி சேர்ந்த மொத்தம் இருக்கட்டும். B2 அசல், C2 ஒரு பாதி வரி, D2 ரவுண்ட் ஆஃப்:

```
B2: =ROUND(A2*100/118,2)
C2: =ROUND(B2*9/100,2)
D2: =A2-B2-2*C2
```

D2 கட்டத்தில் ஓரிரு பைசாவுக்கு மேல் நின்றால் மேலே ஏதோ தவறு. பில் மொத்தத்தை முழு ரூபாயாக மாற்றும் கடைகளில் மட்டும் 50 பைசா வரை அந்தக் கட்டத்தில் நிற்கலாம். பைசாவுக்காக ஆடிட்டரைத் தேட வேண்டியதில்லை.

## 12 வருகிறது

கணக்குப் போட்ட விதம் சரி, விகிதம்தான் பழையது. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீத அடுக்கு எடுக்கப்பட்டு, அதிலிருந்த பொருள்களில் பெரும்பாலானவை 5 சதவீதத்துக்கு வந்துவிட்டன. சாஃப்ட்வேரின் பொருள் பட்டியலில் மாற்றாமல் விட்டுப்போன ஒன்றிரண்டு பொருள்கள் இன்னும் 12இல் நிற்கும். பட்டியலை விகித வாரியாக அடுக்கிப் பார்த்தால் ஒரே பார்வையில் சிக்கும்.

ஒரு விலக்கு உண்டு. அந்தத் தேதிக்கு முன் 12 சதவீதத்தில் விற்ற சரக்கு இப்போது திரும்பி வந்தால், கிரெடிட் நோட்டில் விற்றபோது இருந்த 12 சதவீதமே வர வேண்டும். அதை 5 ஆக்கிவிடாதீர்கள்.

## எந்த விகிதம் போட்டாலும் ஒத்துவரவில்லை

ரெடிமேட் கடைக்காரர்களுக்குத்தான் இந்தத் தலைவலி. காதர்பேட்டையில் கடை வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

தைத்த துணிகளுக்கு, ஒரு உருப்படியின் வரி சேர்க்காத விற்பனை மதிப்பு 2,500 ரூபாய்க்கு மிகாமல் இருந்தால் 5 சதவீதம், மிஞ்சினால் 18 சதவீதம். பிரச்சினை என்னவென்றால், விகிதத்தை முடிவு செய்ய அசல் தெரிய வேண்டும், அசலைக் கண்டுபிடிக்க விகிதம் தெரிய வேண்டும்.

அதனால் இரண்டு விகிதத்திலும் பிரித்துப் பார்த்து எது தன் நிபந்தனைக்குப் பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு ஹூடியின் ஸ்டிக்கரில் "வரி உட்பட ரூ. 2,999" என்று இருக்கிறது. 5 சதவீதத்தில் பிரித்தால் அசல் 2,856.19. இது 2,500ஐ மிஞ்சிவிட்டது, ஆகவே 5 பொருந்தாது. 18 சதவீதத்தில் பிரித்தால் 2,541.53. இதுவும் 2,500க்கு மேல்தான், ஆகவே 18 சரி. முடிந்தது.

இப்போது அதே ஹூடிக்கு 2,799 என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். 5 சதவீதத்தில் அசல் 2,665.71. 2,500க்கு மேல் போய்விட்டது, 5 பொருந்தாது. 18 சதவீதத்தில் அசல் 2,372.03. 2,500க்குக் கீழே வந்துவிட்டது, 18ம் பொருந்தாது! கால்குலேட்டர் சரி, சாஃப்ட்வேர் சரி, ஆள் சரி. தவறு விலையில் இருக்கிறது. 2,500 அசலுக்கு 5 சதவீதம் சேர்த்தால் 2,625. அசல் 2,500க்கு ஒரு பைசா மேலே போனால் விகிதம் 18க்குத் தாவி, மொத்தம் 2,950ஐத் தாண்டிவிடும். ஆகவே 2,625க்கு மேல் 2,950 வரை உள்ள எந்த வரி சேர்ந்த விலையும் ஒழுங்காகப் பிரியாது.

இதற்கு மருந்து ஸ்டிக்கரை மாற்றுவதுதான். 2,625 என்று வைத்தால் கடைக்கு நிற்பது 2,500. 2,951 என்று வைத்தால் கடைக்கு நிற்பது 2,500.85. வாடிக்கையாளர் 326 ரூபாய் கூடக் கொடுத்தும் கடைக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. அதனால் இந்த இடைவெளியில் விலை வைக்க நினைப்பவர்களிடம் 2,625க்கு இறக்கச் சொல்கிறேன். கட்டாது என்றால் 2,950க்கு மேல் நன்றாக ஏற்றித்தான் வைக்க வேண்டும். அசல் 2,700 நிற்க வேண்டுமென்றால் ஸ்டிக்கர் 3,186.

ஆடித் தள்ளுபடி, தீபாவளித் தள்ளுபடி சமயத்தில் இதே சிக்கல் வேறு உருவில் வரும். பில்லிலேயே காட்டும் தள்ளுபடியை முதலில் கழித்துவிட்டு, மிஞ்சிய தொகையைத்தான் பிரிக்க வேண்டும். 2,999 ஹூடிக்கு 15 சதவீதம் தள்ளினால் 2,549.15. இது 5 சதவீதத்துக்குள் வந்துவிட்டது. அசல் 2,427.76, வரி 121.39. ஆனால் சாஃப்ட்வேரில் அந்தப் பொருளுக்கு 18 என்று நிலையாகப் பதிந்திருந்தால் அது 388.85 வரி பிரிக்கும். ஒரு ஹூடிக்கு 267 ரூபாய்க்கு மேல் வீண். அசல் மதிப்பைப் பார்த்து விகிதத்தைத் தானாக மாற்றும் வசதி உங்கள் சாஃப்ட்வேரில் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் போடச் சொல்லுங்கள். 10 சதவீதம் மட்டும் தள்ளினாலோ 2,699.10. பிரியாத இடைவெளிக்குள் விழுந்துவிட்டது. தள்ளுபடி போஸ்டர் அடிப்பதற்கு முன்னால் விலைப்பட்டியலில் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுவது உத்தமம்.

பிரியாத விலையில் ஏற்கெனவே பில் போட்டு விற்றாகிவிட்டது என்றாலும், இரண்டு மூன்று உருப்படிகளைச் சேர்த்து ஒரு செட்டாக ஒரே விலையில் விற்கிறீர்கள் என்றாலும் நேராக ஆடிட்டரிடம் போங்கள். எதை ஒரு உருப்படியாகக் கொள்வது என்பது கால்குலேட்டர் தீர்க்கும் கேள்வி இல்லை.

## ஒரே மொத்தம், ஆனால் பிரிக்கவே முடியவில்லை

பில்லில் 5 சதவீதச் சட்டையும் 18 சதவீத டிராலிப் பெட்டியும் சேர்ந்து மொத்தம் 5,000 என்று மட்டும் இருந்தால், அதை எந்தச் சூத்திரமும் பிரிக்காது. 5க்கும் 18க்கும் நடுவில் 11.5 என்று சராசரி எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எதற்கு எவ்வளவு என்று தெரியாமல் சராசரிக்குப் பொருளே இல்லை. பொருள்வாரி விலையைத் தேடி எடுத்து, விகித வாரியாகக் கூட்டி, ஒவ்வொரு கூட்டையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும்.

பில்லில் வரியே காட்டவில்லை என்றால், விற்றவர் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறாரா என்று பாருங்கள். "பில் ஆஃப் சப்ளை" என்று தலைப்பு இருக்கும். அவர் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக்கூடாது, தன் விற்றுமுதலில் ஒரு பங்கைத் தானே கட்டுகிறார். அந்த விலைக்குள் நீங்கள் பிரித்தெடுக்க ஜிஎஸ்டி கிடையாது. பெட்ரோல், டீசல் பில்லும் அப்படியே. அவை ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. வண்டிச் செலவு பில்லை 18 சதவீதத்தில் பிரித்து வரவு எடுத்திருந்தால் அந்த வரவு முழுவதையும் நீக்கிவிட வேண்டும்.

வாங்கும் பக்கத்தில் இன்னொன்று. சரக்கு கொடுத்தவர் மொத்தத்தை மட்டும் எழுதிக் கொடுத்தால், நீங்களாகப் பிரித்து உள்ளீட்டு வரி வரவு எடுக்காதீர்கள். அவர் தாக்கல் செய்தது உங்கள் ஜிஎஸ்டிஆர்-2பியில் வந்து நிற்கும். அதோடு ஒத்துவராத ஒவ்வொரு ரூபாயும் நோட்டீஸாகத் திரும்பி வரலாம். வரி பிரித்துக் காட்டிய பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

தாக்கல் முடிந்த மாதங்களில் மேலே சொன்ன பிழைகள் கிடைத்தால், மாதவாரியாக ஒரு தாளில் எழுதிவையுங்கள்: பில் எண், தேதி, எழுதிய வரி, இருக்க வேண்டிய வரி. அந்த நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டு அறிக்கை தாக்கல் செய்த நாள், இதில் எது முந்தியோ அதுவரைதான் திருத்த வழி உண்டு. தாளை எடுத்துக்கொண்டு அக்டோபருக்குள் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.